அப்பா அம்மா 50 (இருவரும் இந்தக் குழுவில் இல்லை, உளறாதீர்கள்)

சனி இரவு

மீனா: போட்டோகிராஃபருக்கு அனுப்ப ஒரு மெசேஜ் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இன்றிரவே அனுப்ப வேண்டும்.

மீனா: "வணக்கம். ஆகஸ்ட் 22, 2026, ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் அப்பா அம்மாவின் 50ஆவது திருமண நாள் விழா. சுமார் 120 பேர் வருவார்கள். அன்று நீங்கள் ஃப்ரீயா? ரேட் எவ்வளவு?"

கார்த்திக்: சூப்பர் அக்கா, அனுப்பிவிடு 👍

லலிதா அத்தை: 22 சனிக்கிழமை அல்லவா? காலண்டர் என் கண்ணெதிரேதான் தொங்குகிறது.

மீனா: ஐயோ. கல்யாண நாள் 22, மண்டபம் கிடைத்தது 23. தலைக்குள் இரண்டும் கலந்துவிட்டன. ஞாயிறு 23தான் சரி.

பிரபு: நல்லவேளை, கிழமையையும் எழுதினாய். வெறும் 22 என்று அனுப்பியிருந்தால் அவர் அதையே குறித்துவைத்திருப்பார். 23 அன்று நாம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

சித்தப்பா: மீனா, திருமணம் என்ற சொல்லே அதில் வரக்கூடாது. சின்ன ஃபங்ஷன் என்று மட்டும் போடு. கல்யாணம் என்று காதில் விழுந்தாலே ரேட்டை ஏற்றிவிடுவார்கள்.

பிரபு: பாதி சரி சித்தப்பா. கல்யாண ரேட் அதிகம்தான். ஆனால் அதில் நாள் முழுக்க வேலை, இரண்டு மூன்று பேர், ஆல்பம் எல்லாம் இருக்கும். நாம் கேட்பது ஒரு மாலைப்பொழுது, ஒரே ஆள். அதைத் தெளிவாகச் சொன்னாலே ரேட் தானாக இறங்கும். சின்ன ஃபங்ஷன் என்று சொன்னால் அவர் ஒரு கேமராவும் ஒரு ஃப்ளாஷும் எடுத்துக்கொண்டு வருவார். 120 பேரைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் ஞாயிறுதோறும் ஒருவருக்கு உதவியாளாக லைட் ஸ்டாண்ட் தூக்கியவன் நான்.

கார்த்திக்: எதற்கு இவ்வளவு? என் போனிலேயே எடுத்துவிடுகிறேன். கேமரா செமையாக இருக்கும்.

மீனா: நீ படத்தில் இருக்க வேண்டாமா?

பிரபு: மீனா, அந்த மெசேஜில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. "மாலை" என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? மணிக்கணக்கு தெரியாமல் அவரால் ரேட் சொல்ல முடியாது. சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

மீனா: மண்டபம் 4 மணியிலிருந்து 10 வரை நம்முடையது. அப்படியானால் 6 மணி நேரம் என்று போடட்டுமா?

லலிதா அத்தை: மணி நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பெண்ணின் வரவேற்பில் 4 மணி நேரம் என்று பேசினோம். அவர் சொன்னபடி சரியாக 5 மணிக்கு வந்துவிட்டார். நாங்கள்தான் ஒப்பனை, அது இது என்று 6:30க்கு மேடை ஏறினோம். 9 மணிக்கு அவர் பையை மூடிவிட்டார். குடும்பமாக நின்று எடுக்கும் படத்தைக் கடைசியில் வைத்திருந்தோம். இன்றுவரை அந்தப் படம் எங்களிடம் இல்லை.

சித்தப்பா: அவர் இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்கலாம். மனசாட்சி இல்லை.

பிரபு: அத்தை, அவர் கணக்கில் கடிகாரம் 5 மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. நாம் தாமதமாக வந்தாலும் அது நிற்காது. கூடுதல் மணி நேரத்துக்கு என்ன ரேட் என்று முன்கூட்டியே பேசியிருந்தால் அங்கேயே கேட்டு வாங்கியிருக்கலாம். அதைவிட முக்கியம், குடும்பப் படத்தைக் கடைசியில் வைத்ததுதான். அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், குழந்தைகள் தூங்கியிருப்பார்கள்.

மீனா: அப்போது எப்போது எடுப்பது?

பிரபு: விருந்தினர் வருவதற்கு முன்னால். எத்தனை கூட்டணி வேண்டும் என்று எண்ணிச் சொல். மாமா அத்தை தனியாக, பிள்ளைகளோடு, பேரன் பேத்திகளோடு, இப்படி.

மீனா: எழுதிப் பார்த்தேன். 11 வருகிறது.

பிரபு: ஒரு கூட்டணிக்கு 3 நிமிடம் வை. ஆளைக் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்லி, கண் மூடியவர்களுக்காக நாலைந்து தடவை க்ளிக் செய்ய அவ்வளவு ஆகும். 33 நிமிடம். யாராவது ஒருவர் கட்டாயம் காணாமல் போவார், அவரைத் தேடவும் சேர்த்து 45 என்று வைத்துக்கொள்வோம்.

கார்த்திக்: அந்த ஒருவர் சித்தப்பா.

சித்தப்பா: நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன் அப்பா. எத்தனை வருடத்துக்கு அதையே சொல்வீர்கள்.

பிரபு: குடும்பம் 4:45க்கு உடுத்தித் தயாராக நிற்க வேண்டும். 5:30க்குள் குடும்பப் படங்கள் முடிந்துவிடும். 5:30க்கு விருந்தினர் வருவார்கள், அந்த நேரத்தில் கேண்டிட் எடுப்பார். 6 மணிக்கு மாமாவும் அத்தையும் உள்ளே வருவது, பிறகு பேரப்பிள்ளைகள் பேசுவது, பழைய படங்களைத் திரையில் காட்டுவது. 8 மணிக்குச் சாப்பாடு. சாப்பிடுகிறவர்களைப் படமெடுத்து யாரும் மாட்டிவைப்பதில்லை. 8:45க்கு அவரை அனுப்பிவிடலாம். 4:45 முதல் 8:45 வரை, சரியாக 4 மணி நேரம். 6 தேவையில்லை.

மீனா: இது நன்றாக இருக்கிறதே. ஆனால் அவர் 4:45க்கு வந்தால் லைட் எல்லாம் எப்போது வைப்பார்?

பிரபு: நல்ல கேள்வி. மண்டபத்தின் உள்பக்கப் படம் இருக்கிறதா?

கார்த்திக்: 📷 போன வாரம் பார்க்கப் போனபோது எடுத்தது.

பிரபு: பெரிதாக்கிப் பாருங்கள். கூரை கறுப்பு, நல்ல உயரமும்கூட. வெள்ளைக் கூரையாக இருந்தால் ஃப்ளாஷை மேலே திருப்பி அடிப்பார்கள், வெளிச்சம் பரவி மென்மையாக இறங்கும். இங்கே மேலே போன வெளிச்சம் திரும்பி வராது. நேராக முகத்தில் அடித்தால் நெற்றி பளபளக்கும், பின்னால் இருட்டாகிவிடும். போதாததற்கு மேடைக்கு மேலே வரிசையாக ஊதா விளக்கு. அது எரிந்தால் அத்தையின் முகமும் ஊதாதான், பிறகு எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு.

லலிதா அத்தை: அண்ணி அன்றைக்கு மஞ்சள் பட்டு கட்டப்போகிறாள். ஊதா அடித்தால் என்ன நிறம் ஆகுமோ!

பிரபு: அதனால் ஸ்டாண்டில் இரண்டு லைட் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு அரை மணி ஆகும், அந்த அரை மணி 4 மணி நேரத்துக்குள் வருமா வராதா என்று கேட்க வேண்டும். இந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பு. கார்த்திக், மண்டபத்தில் கேட்டு, குடும்பப் படம் எடுக்கும்போதும் பேசும்போதும் மேடையில் ஊதாவை அணைத்து வெள்ளையை மட்டும் எரியவிட முடியுமா என்று பார்.

கார்த்திக்: நாளைக்குக் கேட்கிறேன்.

சித்தப்பா: எடுத்த படம் எல்லாவற்றையும் அப்படியே கொடுக்கச் சொல். ரா ஃபைல் என்பார்களே, அது. அப்போதுதான் அதிகம் கிடைக்கும்.

பிரபு: பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள் சித்தப்பா. கொடுத்தாலும் உங்கள் போனில் பல திறக்காது. அதைவிட, எடிட் செய்த படம் குறைந்தது எத்தனை, எத்தனை வாரத்தில் வரும் என்று கேட்பது மேல். 4 மணி நேரத்துக்கு 200 என்றால் தாராளம்.

சித்தப்பா: பணம் கொடுப்பது நாம். கேட்பதில் என்ன தப்பு?

பிரபு: கேட்கலாம். இல்லை என்றால் கோபப்படக்கூடாது, அவ்வளவுதான்.

மீனா: வீடியோ?

லலிதா அத்தை: பேரப்பிள்ளைகள் பேசுவது படத்தில் எப்படிக் கேட்கும்? வீடியோ வேண்டும்.

பிரபு: அதே ஆள் இரண்டையும் செய்ய முடியாது அத்தை. வீடியோவுக்குத் தனியாக ஒருவர் வேண்டும், ரேட்டும் தனி. பிரித்துச் சொல்லச் சொல்வோம், பிறகு முடிவு செய்யலாம்.

மீனா: இரண்டு பேர் சேர்ந்து போனால் பட்ஜெட் எகிறும். சரி, கேட்டுத்தான் பார்ப்போம். இது எப்படி இருக்கிறது?

மீனா: "வணக்கம். எங்கள் பெற்றோரின் 50ஆவது திருமண நாள் விழாவுக்குப் படம் எடுக்க வேண்டும். 23 ஆகஸ்ட் 2026, ஞாயிறு, மாலை 4:45 முதல் 8:45 வரை 4 மணி நேரம். உள்ளரங்கம், சுமார் 120 பேர். முதல் 45 நிமிடம் 11 குடும்பக் குழுப் படங்கள், அதன்பின் விருந்தினர் வருகை, மேடை நிகழ்ச்சி, பேச்சு, கேண்டிட். ஆல்பம் இப்போது வேண்டாம். மண்டபத்தின் படம் இணைத்திருக்கிறேன், கூரை கறுப்பு, மேடையில் வண்ண விளக்கு. அன்று உங்களுக்கு வசதிப்படுமா? இந்த 4 மணி நேரத்துக்கு ரேட் என்ன, கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, வீடியோவுக்கு ஒருவர் சேர்ந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். லைட் அமைக்கும் நேரமும் பயணச் செலவும் இதில் அடங்குமா? எடிட் செய்த படங்கள் எத்தனை, எப்போது கிடைக்கும்? நீங்களே நேரில் வருவீர்களா?"

லலிதா அத்தை: கடைசிக் கேள்வி எதற்கு?

மீனா: அவர் எடுத்த படங்களைப் பார்த்துத்தானே பிடித்தது. வேறு ஒருவரை அனுப்பிவிட்டால்?

பிரபு: சபாஷ். அது எனக்கே தோன்றவில்லை. அனுப்பு.

ஞாயிறு காலை

மீனா: பதில் வந்துவிட்டது. அன்று காலை அவருக்கு வேறு ஒரு வேலை, 1 மணிக்கு முடிகிறது. மாலை வர முடியுமாம், அவரேதான் வருவார். லைட் வைக்க 4:15க்கே வருவார், அந்த நேரம் கணக்கில் இல்லை. படங்கள் 4 வாரத்தில், குறைந்தது 200. ரா ஃபைல் கேட்டேன் சித்தப்பா, தருவதில்லையாம்.

சித்தப்பா: ரேட்?

மீனா: உங்களுக்கும் பிரபு அண்ணாவுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே போட்டால் இரவு வரை பேரம்தான் ஓடும்.

பிரபு: பார்த்தேன். நியாயமாகத்தான் இருக்கிறது. காலை வேலை 1 மணிக்கு முடிகிறது என்கிறார், அது எவ்வளவு தூரத்தில் என்று மட்டும் கேட்டுக்கொள். இன்னொன்று, ஃப்ரீ என்று சொன்னதால் தேதி நம்முடையது ஆகிவிடாது. அட்வான்ஸ் கொடுத்து, பேசியதை எழுத்தில் வாங்கினால்தான் உறுதி.

மீனா: புதன் வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறார். ஆனால் வீடியோ ரேட்தான் இடிக்கிறது.

லலிதா அத்தை: வீடியோவுக்கு நான் பாதி தருகிறேன்.

கார்த்திக்: பேச்சை மட்டும் போனை ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் போதாதா? ஊதாவைப் பற்றிக் கேட்டேன், அணைக்கலாமாம். ஆனால் அந்த ஸ்விட்ச் இருக்கும் அறைச் சாவி வைத்திருப்பவரை அன்றைக்குத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிரபு: போனில் எடுத்தால் பேச்சு கேட்கும், அதோடு பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலும் கேட்கும். மைக் சவுண்டைத் தனியாகப் பதிவு செய்ய முடியுமா என்று மண்டபத்தில் கேட்டுவிட்டுச் சொல்.

மீனா: அவர் பதிலுக்கு ஒன்று கேட்டிருக்கிறார். குழுப் படத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

கார்த்திக்: சத்தமாகவும் கூப்பிட வேண்டும்.

லலிதா அத்தை: இதற்கு என்னைத்தான் நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த 11 பட்டியலை எனக்கு அனுப்பு மீனா. சித்தப்பாவின் போனை 4:30க்கே வாங்கி என் பையில் போட்டுவிடுகிறேன்.