பட்டை அகலமா, பட்டை இடைவெளியா? (தண்ணித் தொட்டிக்குள்ள இரட்டைப் பிளவு)

லேப் டீச்சர்:
வணக்கம். நம்ம பாடப்புத்தகத்துல ஒளிக் குறுக்கீட்டுப் பாடத்துல, வரிசையா விழற வெளிச்சக் கோடுகளுக்கு இருக்கற பட்டை அகலம்ங்கற சொல்ல மாத்தணும்னு கேக்கறேன். போன வாரம் 40 செ.மீ நீள மீன் தொட்டியில, ஒரு பக்கம் கண்ணாடியில வெளிப்புறமா பிளவு ஸ்லைட ஒட்டி, திரையா எதிர்ப்பக்கம் டிரேசிங் பேப்பர் ஒட்டி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அடிச்சோம், பிளவு ரெண்டுக்கும் நடுவுல 0.25 மி.மீ. அகலத்த அளங்கன்னதும் பசங்க ஒரு சிவப்புக் கோட்டோட தடிமன அளக்கறாங்க, அதுக்கு ஓரம் எங்கன்னே தெரியல, ஒருத்தன் 0.4ங்கறான் ஒருத்தி 0.6ங்கறா. நடுவுலேர்ந்து நடுவுக்கு பத்து இடைவெளிய சேத்து அளக்கச் சொன்னேன். காத்துல 10.4 மி.மீ, தண்ணி ஊத்தினதும் 7.8 கிட்ட வந்துச்சு. வகுத்தா 1.33, தண்ணியோட ஒளிவிலகல் எண். அதனால பட்டை இடைவெளின்னு வைக்கலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
தண்ணிக்குள்ள காசு மேல வந்த மாதிரி தெரியுமே, அதுபோல திரை கிட்ட வந்துடுது, பிளவுலேர்ந்து திரைக்கு உள்ள தூரம் D குறையுது. அப்போ தோற்ற இடைவெளின்னே சொல்லலாமே டீச்சர்?

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
தம்பி, D-ய 1.33 ஆல வகுத்தாலும் அதே விடைதான் வரும், அதான் நம்ப வைக்குது. ஆனா தொட்டிய டேப் வச்சு அளந்தா 40 செ.மீ அப்படியேதான் இருக்கு. சுருங்கறது அலைநீளம், 650 போய் 489 ஆகுது, அதிர்வெண் மாறல. பட்டை இடைவெளிக்கான λD/d-ல அலைநீளம் λ-வ மட்டும் மாத்திப் பாருங்க, d பிளவு ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம். பேப்பர் மேல ஸ்கேல் வச்சு அளந்த 7.8 நிஜமானது, அதுல தோற்றம்னு ஒண்ணுமில்ல. அந்தச் சொல் வேண்டாம்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
ஐயா, நானும் செஞ்சேன், எனக்குக் குறையவே இல்லையே? தொட்டிக்கு அப்பால 1 மீட்டர் தள்ளி செவுத்துல பாத்தேன், ஒரு இடைவெளி 3.6 மி.மீ இருந்தது 3.4 ஆச்சு, அவ்ளோதான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
உங்க அளவு சரிதான். தண்ணிய விட்டு வெளிய வர்றப்போ ஒளி மறுபடி விலகி, காத்துல இருக்கவேண்டிய கோணத்துக்கே திரும்பிடுது. அதனால 40 செ.மீ மட்டும் 30 போல நடந்துக்கும், வெளிய இருக்கற 1 மீட்டர் அப்படியே. 1.4-க்கு பதில் 1.3. திரையும் தண்ணியத் தொட்டு இருந்தாத்தான் முழு 1.33 கிடைக்கும், பிளவு நனையணும்னுகூட இல்ல, டீச்சர் வெளியதானே ஒட்டியிருக்காங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் குறுக்கீடு எண்டு சொல்லுறேல்ல, தலையீடு எண்டுதான் படிச்சனாங்கள். இடைவெளி எண்டது எனக்குச் சரி. ஆனா பிளவுகளுக்கு இடையில இருக்கிற d-யையும் பிள்ளையள் பிளவு இடைவெளி எண்டுதானே சொல்லுதுகள், ஒரே கணக்கில ரெண்டு இடைவெளி வந்தா குழம்பாதோ?

லேப் டீச்சர்:
அது நான் யோசிக்காத இடம். d-க்கு பிளவுத் தொலைவுன்னு ஒதுக்கினா ஒத்துவருமா? அகலம் மட்டும் வேண்டாங்க, அதுல நான் உறுதியா இருக்கேன்.