வழக்காற்று மணவிலக்கை நீதிமன்றத்தில் நிரூபிப்பது குறித்து வழிகாட்டல் வேண்டும்

குழுவில் உள்ள வழக்கறிஞர்களுக்கு வணக்கம். என் சித்தப்பா 1994-இல் தம் முதல் மனைவியை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டார். முத்திரைத்தாளில் இருவரின் கையெழுத்தும் சாட்சிகள் நால்வரின் கைநாட்டும் உள்ளன. அதன்பிறகு மணந்த என் சித்தி இன்று குடும்ப ஓய்வூதியம் கோரும்போது, அந்தத் தாள் செல்லாது என்கிறார்கள்.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 29(2) பிரிவு வழக்காற்று மணவிலக்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் 3(அ) பிரிவின்படி அவ்வழக்கம் நெடுங்காலம் இடைவிடாமலும் ஒரே சீராகவும் பின்பற்றப்பட்டு, அச்சமூகத்தில் சட்டத்தின் வலிமை பெற்றிருக்க வேண்டும். நிச்சயமானதாகவும், நியாயத்துக்கோ பொதுக்கொள்கைக்கோ முரணாகாததாகவும் இருக்க வேண்டும். 1868-இல் இராமநாதபுரம் வழக்கில் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் சாத்திர வாசகத்தையும் விஞ்சும் என்றது. அந்த 'தெளிவாக' என்ற சொல்லில்தான் எங்கள் சிக்கல் இருக்கிறது. எங்கள் தாள் ஒரு விலக்கு நடந்ததைத்தான் காட்டுகிறது. சமூகத்தில் அப்படியொரு வழக்கம் உண்டு என்பதைக் காட்டவில்லை.

எண்பது வயதைக் கடந்த இரு பெரியவர்கள் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் வழக்கம் உண்டு என்று பொதுவாகச் சொன்னால் போதுமா, அல்லது இன்னார் இந்த ஆண்டில் விலகி மறுமணம் செய்தார் எனப் பழைய நிகழ்வுகளைத் தனித்தனியே சொல்ல வேண்டுமா? வழக்குரையில் இவ்வழக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்பதையும் தெரிவித்தால், அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே வழக்குத் தொடுத்துவிடுவோம்.