அட்டையை முடக்கச் சொன்ன பிறகும் பணம் போனது: பொறுப்பு யாருடையது?

கேள்வி:
மதுரை மாட்டுத்தாவணியில் என் டெபிட் கார்டு தொலைந்தது. வெள்ளிக்கிழமை இரவு 7.10க்கு வங்கியின் உதவி எண்ணை அழைத்து முடக்கச் சொன்னேன். புகார் எண்ணுடன் குறுஞ்செய்தி 7.14க்கு வந்தது. ஆனால் 6.55க்கு 4,200 ரூபாயும், 7.31க்கு 4,900 ரூபாயும், 7.38க்கு 3,750 ரூபாயும் பின் எண் கேட்காமலே கடைகளில் எடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் என் கவனக்குறைவால் நேர்ந்தவை என்று கிளையில் கைவிரிக்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று தொகைகளும் திரும்பக் கிடைக்கும், கவலை வேண்டாம்.

பதில் 2:
எனக்கும் இதே நிலைதான். யூபிஐயில் தவறான எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், வங்கி இன்னும் திருப்பித் தரவில்லை.

பதில் 3 (வங்கியின் அட்டைப் புகார்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
யூபிஐ நண்பரே, நீங்களே அனுப்பிய பணம் இந்த விதிக்குள் வராது. அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

முதல் பதிலில் சொல்லப்பட்ட மூன்று நாள் சலுகை, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் வேறெங்கோ குறை நேர்ந்த நிகழ்வுகளுக்கானது. உங்களுக்குப் பயன்படுவது 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின் இன்னொரு பகுதி: வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும், அவர் தகவல் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். எனவே 7.31, 7.38 ஆகிய இரண்டுக்கும் சேர்த்து 8,650 ரூபாயைக் கவனக்குறைவு என்ற வாதத்தால் மறுக்க முடியாது.

கணக்கில் பற்று விழுந்த தேதியை வைத்துப் பேசாதீர்கள், கடையில் பரிவர்த்தனை நடந்த நேரத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கி, அட்டை முடங்கிய நேரத்தைக் காட்டி வாதிடக்கூடும். ஆனால் நீங்கள் தெரிவித்த நேரமே கணக்கு. அழைப்புப் பட்டியலையும் 7.14 குறுஞ்செய்தியையும் இணைத்து, தொலைபேசிப் பதிவைப் பாதுகாக்குமாறும் எழுதுங்கள். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. தகவல் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், தொண்ணூறு நாட்களுக்குள் புகாரைத் தீர்க்கவும் அதே சுற்றறிக்கை சொல்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் 6.55க்குப் போன 4,200 ரூபாய்?

பதில் 3:
அதில் உறுதி கூற இயலாது. சுற்றறிக்கை கவனக்குறைவுக்குக் காட்டும் எடுத்துக்காட்டு, ரகசிய விவரங்களைப் பகிர்வது. நீங்கள் எதையும் பகிரவில்லை, பின் எண்ணும் பயன்படவில்லை. இதைச் சொல்லி வாதிடலாம், வங்கி மறுக்கவும் கூடும். ஆகவே இரண்டு கோரிக்கைகளையும் ஒரே கடிதத்தில் தனித்தனிப் பத்திகளாக எழுதுங்கள். முதல் தொகையின் தகராறு மற்ற இரண்டையும் இழுத்தடிக்கக் கூடாது.

பதில் 1:
நான் விதியின் ஒரு பகுதியைத்தான் படித்திருக்கிறேன். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம் அல்லவா?

பதில் 3:
செல்லலாம், cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்துப் புகார் கொடுத்திருக்க வேண்டும். கிளையில் வாய்மொழியாகச் சொன்னது அங்கே எடுபடாது.