அந்தப் பத்துத் தாள் யாருக்கு? (திருப்புதல் தேர்வு, கட்டுப் பிரிப்பு)

தாமரைக்குளம்: நாலு பள்ளி சேர்ந்து நடத்திய பத்தாம் வகுப்பு அறிவியல் திருப்புதலில் மொத்தம் 360 தாள், திருத்த 12 பேர். ஆளுக்கு 30, சொந்தப் பள்ளித் தாள் யாருக்கும் கிடையாது. ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தால் எப்போதும் பிரித்துவிடலாம். முடியவில்லை என்பவர்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிவப்புமை: அன்று அதே அறையில் கட்டுப் பிரித்தவன் நான். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை என்று நேரடியாகவே சொல்லியிருக்கலாம் சார். நீங்கள் சொல்லாமல் விட்ட எண்களை நான் சொல்கிறேன். நாலில் பெரிய பள்ளி உங்களுடையது. அதன் தாள் 220, அங்கிருந்து வந்த ஆசிரியர்கள் உங்களையும் சேர்த்து 5 பேர். மற்ற மூன்று பள்ளிக்கும் சேர்த்து 140 தாள், 7 ஆசிரியர்கள். 20 தாள் கொண்ட கட்டுகளைப் பாதியாகப் பிரித்து, பத்துப் பத்தாகத்தான் கொடுத்தோம். ஆளுக்கு மூன்று பத்து. பெரிய பள்ளியின் 22 பத்தைத் தொடக்கூடியவர்கள் அந்த 7 பேர் மட்டும். ஏழு பேருக்கு மூன்று வீதம் 21 பத்துதான் போகும். ஒரு பத்து நின்றுவிடும். எப்படிக் குலுக்கினாலும் நிற்கும்.

தாமரைக்குளம்: நின்றால் கடைசியில் மாற்றிக்கொள்வதுதானே? நான் ஒரு பத்தைக் கொடுக்கிறேன், அவர் ஒரு பத்தைத் தருகிறார். இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறோம், குடி முழுகிப் போகவில்லை.

சிவப்புமை: அவர் எதைத் தருவார்? அந்த ஏழு பேர் கையில் இருந்த 21 பத்தும் பெரிய பள்ளித் தாள்தான். நீங்கள் கொடுப்பதும் பெரிய பள்ளி, அவர் திருப்பித் தருவதும் பெரிய பள்ளி. மாற்றிக்கொண்ட பிறகும் உங்கள் கையில் உங்கள் பள்ளித் தாள்தான் இருக்கும். கட்டின் நூல் நிறம் வேண்டுமானால் மாறியிருக்கும்.

வாய்ப்பாடு: இவ்வளவு தலைவலி எதற்கு? பொதுத்தேர்வு முகாம் போலப் பதிவெண்ணை மறைத்து, பதிலுக்கு ஒரு டம்மி எண் போட்டு 360-ஐயும் கலக்கிவிட்டால் யார் தாள் என்றே தெரியாது. பிரச்சினையே இல்லை.

சிவப்புமை: பாதி சரி. ஆனால் பொதுத்தேர்வில் ஒரு மாவட்டத் தாளை முதலில் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதிவெண்ணை மறைப்பது அதற்கு மேல் ஒரு பூட்டு. இங்கே நாலு பள்ளிக்குள்ளேயே கலக்கினால், பெரிய பள்ளி ஆசிரியர் கைக்கு வரும் 30 தாளில் சராசரியாக 18 அவர் பள்ளியுடையதுதான். எண்ணை மறைக்கலாம், கையெழுத்தை மறைக்க முடியுமா? வருடம் முழுக்க நோட்டுத் திருத்திய டீச்சருக்கு, இதயப் படத்துக்கு யார் எப்படி அம்புக்குறி போடுவார்கள் என்பதுகூடத் தெரியும். நாம் சொல்லிக்கொடுத்த குறிப்பின் வாக்கியம் அப்படியே தாளில் வந்து நிற்கும்.

வாய்ப்பாடு: 18 வரும் என்பது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் டம்மி எண் இல்லாமல் நீங்கள் செய்வது அதைவிட மோசம்தான்.

புங்கமரம்: கட்டைப் பாதியாகப் பிரிக்கவே கூடாது என்பது என் அனுபவம். ஒருமுறை எங்கள் பகுதியில் இப்படிப் பிரித்தபோது ஒரு தாள் பக்கத்துக் கட்டின் கடைசித் தாளுக்குள் நுழைந்துவிட்டது. முகப்புச் சீட்டில் 20 என்று பழைய எண்ணிக்கை, உள்ளே 9-ம் 11-ம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். அவள் அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிரித்தால் இரண்டு பாதிக்கும் தனித்தனிச் சீட்டு எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சிவப்புமை: இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். அன்று நாங்கள் சீட்டு எழுதினோம்.

தாமரைக்குளம்: சீட்டு எழுதியதையும் பெருமையடித்தாகிவிட்டது. போன முறை இதே ஆள் பிரித்தபோது 40 தாள் நின்றதே, அதைச் சொல்லவில்லையே?

சிவப்புமை: சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? போன முறையும் இதே எண்கள்தான். அன்று சின்னப் பள்ளிகளின் கட்டை முதலில் எடுத்தேன். அதில் மூன்று பத்தைச் சின்னப் பள்ளி ஆசிரியர்களுக்கே மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் போன ஒவ்வொரு பத்தும் பெரிய பள்ளித் தாளுக்கான ஓர் இடத்தைத் தின்றுவிட்டது. பத்து நிற்க வேண்டிய இடத்தில் நாற்பது நின்றது. என் தவறு அது. அதனால்தான் இந்த முறை பெரிய பள்ளியிலிருந்து தொடங்கினேன். நின்றது பத்து மட்டும். அதற்குக் கீழே இறங்காது.

மணியடிச்சாச்சு: 30 தாளுக்கு உழைப்பூதியம் எவ்வளவு கொடுத்தார்கள்? எங்களுக்கு டீயும் வடையும்தான்.

தாமரைக்குளம்: அதைப் பிறகு பேசலாம் சார். சிவப்புமைக்கு என் கேள்வி ஒன்றுதான். பத்து நிற்கும் என்றால் அப்புறம் என்னதான் செய்வது? தேர்வையே நிறுத்திவிடலாமா?

சிவப்புமை: இரண்டு வழி உண்டு. ஒன்று, சமம் என்பதைக் கொஞ்சம் தளர்த்துவது. பெரிய பள்ளித் தாள் 220-ஐ ஏழு பேருக்கு, நாலு பேருக்கு 31, மூன்று பேருக்கு 32 என்று கொடுக்க வேண்டும். மற்ற 140-ஐ பெரிய பள்ளி ஐவருக்கும் 28 வீதம் கொடுக்கலாம். அதிகபட்ச வித்தியாசம் நாலே தாள். அல்லது இந்த நாலு பள்ளியையும் சேராத ஒருவரை அழைப்பது. அப்போது 220 தாள் எட்டுப் பேருக்கு 27, 28 என்று போகும், பெரிய பள்ளி ஐவருக்கும் அதே 28. சமமும் கிடைக்கும், சொந்தத் தாளும் வராது. இதைக் கட்டின் நூலை அறுக்கும் முன்பே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும், அதன் தாளை மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்த்தால் போதும். இங்கே இடித்தது பெரிய பள்ளியில் மட்டும்.

தாமரைக்குளம்: ஆக, 32 தாள் திருத்துபவர்கள் இளிச்சவாயர்கள். எங்கள் பள்ளி ஆட்களுக்கு 28. நாளைக்கு இதையே வைத்து எங்களைப் பேசுவீர்கள். வெளியிலிருந்து வருபவருக்குப் பேருந்துக் காசு யார் கொடுப்பது?

புங்கமரம்: நான் ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் சொல்லும் இரண்டு வழியிலும் பெரிய பள்ளித் தாள் முழுக்கச் சின்னப் பள்ளிகளிடம், சின்னப் பள்ளித் தாள் முழுக்கப் பெரிய பள்ளியிடம். நீ என் பிள்ளைக்குப் போடு, நான் உன் பிள்ளைக்குப் போடுகிறேன் என்று ஆகிவிடாதா?

சிவப்புமை: ஆகலாம். சுற்றுமுறையில், முதல் பள்ளித் தாள் இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு என்று அனுப்பினால் இது குறையும். ஒரே பள்ளியில் பாதிக்கு மேல் தாள் குவிந்திருக்கும்போது அதற்கு இடமே இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை டீச்சர். ஒரு கட்டுக்கு இரண்டு தாள் வீதம் வேறொருவர் மறுபடி பார்த்தால் கொஞ்சம் அடங்கும்.

வாய்ப்பாடு: தாள் எண்ணிக்கையே சமம் இல்லை என்பேன். கூடுதல் தாள் கட்டி எழுதிய 30-ம், ஒரு பக்கத்தோடு நிறுத்திய 30-ம் ஒரே வேலையா?

சிவப்புமை: இல்லை. ஆனால் அதைத் தீர்க்கும் முன் அந்தப் பத்து யாரிடம் போனது என்று தாமரைக்குளம் சார் சொல்லட்டும்.

தாமரைக்குளம்: மறுபடியும் பத்து. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், நான் இருந்தேன், வாங்கிக்கொண்டேன். அதில் என்ன?

சிவப்புமை: உங்கள் பள்ளித் தாளை நீங்களே வாங்கித் திருத்திவிட்டு, எப்போதும் பிரிக்கலாம் என்று இங்கே எழுதுகிறீர்கள். அதுதான் என்ன.

தாமரைக்குளம்: ஒழுங்காகப் பிரித்திருந்தால் எனக்கு வந்திருக்காது. நான் முதலில் சொன்னதும் அதுதான்.

சிவப்புமை: 22 பத்து. 7 பேர். ஆளுக்கு 3. நீங்களே பெருக்கிப் பாருங்கள் சார்.

மணியடிச்சாச்சு: உழைப்பூதியம் பற்றி யாராவது சொல்வீர்களா?