இரைச்சல் நீக்கமா, தணிப்பா: இரண்டு பொத்தான்களுக்குப் பெயர் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, காதொலிப்பான் ஒன்றின் பயனர் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். வெளியிரைச்சலை ஒலிவாங்கியால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பும் பயன்முறைக்கு ‘இரைச்சல் நீக்கம்’ என்றும், வெளியொலியைக் காதுக்குக் கொண்டு சேர்க்கும் மற்றொன்றுக்கு ‘ஒளிபுகு நிலை’ என்றும் எழுதியுள்ளேன். காதில் ஒளிக்கு என்ன வேலை என்று எனக்கே உறுத்துகிறது.

தமிழாசிரியர்:
முதலாவதற்கு ‘ஒலியவிப்பு’ பொருந்தும். குறளில் வரும் ‘ஐந்தவித்தான்’ புலன்களை அழித்தவன் அல்லன், அடக்கியவன். இரண்டாவது, முதலாவதை நிறுத்திவிட்ட நிலைதானே? ‘அவிப்பொழி நிலை’ எனலாம்.

ஒலிப்பொறியாளர்:
ஐயா, இரண்டும் ஒன்றல்ல. தணிப்பை நிறுத்தினாலும் ரப்பர் முனை காதை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். பேச்சின் கூரிய ஒலிகள் மங்கிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டவே, ஒலிவாங்கி கேட்டதைக் கருவி உள்ளே ஒலிக்கிறது. சாலையைக் கடக்கையிலும் அறிவிப்புக்குக் காத்திருக்கையிலும் இதுவே வேண்டும். ஒரே எழுத்தை மாற்றி ‘ஒலிபுகு நிலை’ எனலாமே.

ஓய்வுபெற்ற உறுப்பினர்:
பெயர் இருக்கட்டும். ரயிலில் என் கருவி எஞ்சின் உறுமலை அடக்குகிறது. எதிர் இருக்கைக்காரரின் பேச்சோ தெளிவாகக் கேட்கிறது. பழுதா?

ஒலிப்பொறியாளர்:
பழுதில்லை. எதிரலை 0.1 மில்லிவினாடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 முறை அதிரும் உறுமலில் ஓர் அலைக்கு 10 மில்லிவினாடி ஆகும் என்பதால், பிந்தியது நூறில் ஒரு பங்குதான். அலையின் வீச்சில் ஏறத்தாழ 6 விழுக்காடே எஞ்சும். நொடிக்கு 3000 அதிர்வுள்ள ‘ஷ்’ போன்ற ஒலியிலோ, அதே தாமதம் அலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். முகடும் பள்ளமும் சந்திக்காமல் ஒலி கூடவே செய்யும். ஆகவே அத்தகைய ஒலிகளைத் தடுக்கும் பொறுப்பு ரப்பர் முனைக்கே விடப்படுகிறது. உறுமலே குறையாவிட்டால்தான் ஐயம் கொள்ள வேண்டும்: விரலால் முனையை மெல்ல அழுத்தும்போது உறுமல் குறைந்தால், முனையின் அளவு உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை. இதனால்தான் ‘நீக்கம்’ என்பது நிறைவேற்ற முடியாத வாக்குறுதி என்கிறேன். ‘எதிரலைத் தணிப்பு’ என்போம்.

கல்லூரி மாணவி:
‘எதிரலை’ என்பதைப் புதியவர்கள் எதிரொலி என்று படித்துவிடுவார்கள். ‘அவிப்பு’ என்றால் எனக்கு வேகவைத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

தமிழாசிரியர்:
விளக்கை அவித்தல் இன்றும் வழக்கில் உள்ளதே அம்மா! எனினும் ‘தணிப்பு’ குற்றமுள்ள சொல் அன்று. ‘ஒலிபுகு’ என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. பொறியாளர் சொன்னபடியே ஒலி தானாகப் புகவில்லை, கருவி ஊட்டுகிறது. ‘ஒலியூட்டு நிலை’ என்பதே உண்மை.

ஒலிப்பொறியாளர்:
அது சரிதான், காற்று ஒலிவாங்கியில் மோதும் சீறலையும் கருவி சேர்த்தே ஊட்டிவிடுகிறது. ஆயினும் பயனருக்கு ஒலி புகுவதாகத்தான் தோன்றும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லாததால் பொத்தான்களில் ‘இரைச்சல் தணிப்பு’, ‘ஒலிபுகு நிலை’ என்றே அனுப்புகிறேன். ‘எதிரலை’ விளக்கப் பகுதியில் மட்டும் வரும்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் ‘ஒலியூட்டு’ குறித்து மீண்டும் எழுதுவேன்.