ரிவ்யூவர் கேட்ட 18 சதவீதம்: போடலாமா, மறுக்கலாமா?

இளந்தளிர்: ரிவ்யூவர் 2 எழுதியது: "முடிவு சிக்னிஃபிகன்ட் ஆகவில்லை. கிடைத்த வித்தியாசத்தை வைத்து ஆய்வின் பவரைக் கணக்கிட்டுத் தருக." மற்ற 11 குறிப்புகளையும் ஏற்றுத் திருத்திவிட்டேன். இதை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது? குழுவுக்கு 40 பேர். 50 புள்ளி வலி அளவையில் வித்தியாசம் 1.2, 95 சதவீத நம்பக இடைவெளி −1.1 முதல் 3.5 வரை, பி மதிப்பு 0.30.

பழம்பேனா: எதற்கு இந்த வீம்பு? கணக்குப் போட்டால் 18 சதவீதம் வரும். ஒரே வரி, எழுதிவிட்டுப் போங்கள். ரிவ்யூவரோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. முப்பது கட்டுரை போட்டவன் சொல்கிறேன்.

அளவுகோல்: அந்த 18ஐத்தான் எழுதக் கூடாது. பி மதிப்பு 0.30 என்றால் அந்த பவர் 18 பக்கம்தான் வரும். 0.05 என்றால் 50 பக்கம். எந்த ஆய்வானாலும் இதே கதைதான், ஏனென்றால் அது பி மதிப்பையே வேறு உருவில் எழுதுவது. 2001இல் ஹோனிக், ஹெய்ஸி இருவரும் இதை விளக்கி எழுதிவிட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இளந்தளிர், ரிவ்யூவரின் உண்மையான கவலை 'ஆள் குறைவோ?' என்பது. அது நியாயம். நன்றியை அந்தக் கவலைக்குச் சொல்லுங்கள். எல்லாக் குறிப்புக்கும் கீழே ஒட்டுகிற 'மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி' வேண்டாம். நான் எழுதினால் இப்படி:

> சிறிய ஆய்வின் முடிவை வாசகர் 'பலனில்லை' என்று படித்துவிடக்கூடும் எனச் சுட்டியதற்கு நன்றி. முதல் வரைவில் அந்தக் குறை இருந்தது. எனினும், கிடைத்த வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் பவரை நாங்கள் சேர்க்கவில்லை. அது பி மதிப்பிலிருந்தே வருவது, அதற்கு மேல் எதுவும் சொல்லாது. பதிலாக, பக்கம் 9, வரி 14 இப்போது இவ்வாறு உள்ளது: 'நோயாளிக்குப் பயன்படும் என முன்பே வகுத்த 3 புள்ளி, நம்பக இடைவெளிக்குள் இருப்பதால், அந்த அளவு பலன் இல்லை என்று இந்த ஆய்வால் சொல்ல இயலாது.'

பழம்பேனா: அழகான கடிதம். எண் எங்கே? அவர் கேட்டது எண். 18.

தேன்மொழி: அளவுகோல் சார், பவரே வேண்டாம் என்கிற மாதிரி இருக்கிறதே. பவர் இல்லாமல் 40 பேர் என்று எப்படி முடிவு செய்தார்களாம்?

அளவுகோல்: அம்மா, அது ஆய்வுக்கு முன்னால் போட்ட கணக்கு. 3 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க 80 சதவீத பவர் வேண்டும், மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 4.7 இருக்கலாம் என்று வைத்தால் குழுவுக்கு ஏறக்குறைய 40 பேர். அது முறைகள் பகுதியில் இருக்கட்டும். நான் எதிர்ப்பது, முடிவு வந்த பிறகு அந்த 1.2ஐயே 'உண்மையான வித்தியாசம்' என்று வைத்துப் போடும் கணக்கை.

தேன்மொழி: அப்படியானால் 18ஐக் கடிதத்தில் மட்டும் சொல்லிவிட்டு, கட்டுரையில் விடலாமே. கேட்டவருக்குப் பதில் கிடைத்த மாதிரியும் ஆகும்.

அளவுகோல்: கடிதத்தில் 18ஐப் பார்த்த எடிட்டர், 'கட்டுரையிலும் சேருங்கள்' என்று எழுதுவார். அப்புறம் எந்த முகத்தோடு மறுப்பீர்கள்?

நடைவண்டி: என் கதையும் இதேதான். ரிவ்யூவர் தன் கட்டுரைகள் ஐந்தைச் சேர்க்கச் சொன்னார். இரண்டுக்கும் என் ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. நன்றி சொல்லி மூன்றை மட்டும் சேர்த்தேன். இரண்டாம் சுற்றில் அதே ஐந்து!

அளவுகோல்: அது வேறு பஞ்சாயத்து. சம்பந்தமில்லாத இரண்டும் ஏன் வேண்டாம் என்று கடிதத்தில் ஒரு வரி, எடிட்டருக்குத் தனியாக ஒரு குறிப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

பழம்பேனா: எடிட்டரிடம் கோள் மூட்டச் சொல்கிறார்! போன மாதம் மீடியன் விவாதத்திலும் இதே பிரசங்கம்தான். அன்றும் கடைசி வரை என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

அளவுகோல்: அன்றைக்கு நீங்கள் கேட்டது கேள்வியே இல்லை. 'பழக்கம் இதுதான்' என்றீர்கள். இன்றும் அதையேதான் சொல்கிறீர்கள்.

நடைவண்டி: எடிட்டருக்குக் குறிப்பு எழுதினால் ரிவ்யூவருக்குத் தெரியாதா?

அளவுகோல்: எடிட்டருக்கான முகப்புக் கடிதம் பல இதழ்களில் ரிவ்யூவருக்குப் போகாது. சில இதழ்களில் போகும். அனுப்பும் முன் இதழின் விதியைப் படியுங்கள்.

இளந்தளிர்: நன்றி சார். முடிவுரையில் 'சிகிச்சையால் பலனில்லை' என்றே எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். பக்கம் 9, வரி 14 என்பது மாற்றங்கள் தெரியும் பிரதியிலா, சுத்தப் பிரதியிலா?

அளவுகோல்: ஏதாவது ஒன்று. ஆனால் எந்தப் பிரதி என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தேடி அலையும் ரிவ்யூவருக்கு உங்கள் மறுப்பைப் பொறுமையாகப் படிக்க மனம் வராது.

பழம்பேனா: எல்லாம் சரி. 18ஐ எழுதினால் என்ன குடி முழுகிப் போகும்? அதை யாரும் சொல்லவில்லை.

அளவுகோல்: மூன்று முறை சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

பழம்பேனா: படித்தேன். எண் இல்லை.