அட்வான்ஸ் தொகைத் தகராறு: வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போகலாமா?

மாடிவீடு:
நங்கநல்லூரில் நான்கு ஆண்டுகள் 16,000 ரூபாய் வாடகைக்கு இருந்த வீட்டை ஏப்ரல் 30 அன்று காலி செய்தேன். இரண்டரை மாதம் ஆகியும் ஒரு லட்சம் அட்வான்ஸ் திரும்பவில்லை. பெயிண்ட் 28,000, நோட்டீஸ் மாத வாடகை 16,000, சமையலறை அலமாரிக் கதவு 8,000, கீசர் 6,500, மின்கட்டணம் 3,200 என்று 61,700 ரூபாயைக் கழித்துவிட்டு, மீதி 38,300 ரூபாயையும் "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார் உரிமையாளர். நேரே வழக்குப் போடுவதா, சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுப்பதா? சமரசம் என்றால் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நேர்வழி:
சமரசத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஆணைக்குழு அனுப்பும் அறிவிப்பை எதிர்த்தரப்பு வாங்கி மேசையில் போட்டுவிட்டு வராமல் இருந்துவிட்டால் அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. வந்தாலும் "பாதிக்குப் பாதி" என்று பேசி, நியாயமாக வர வேண்டிய பணத்தில் ஒரு பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கும்படி செய்வார்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. உங்களிடம் ஆறு மாத வாடகைக்கும் மேல் வாங்கியதே சட்டவிரோதம். அதை வாடகை நீதிமன்றத்தில் சொன்னாலே போதும்.

பழைய வழக்கறிஞர்:
நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு வரும்படி எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் வரவில்லை என்றால் மனுவை முடித்துவிடுவார்கள், நீங்கள் வழக்குக்குப் போகலாம், இடையில் சில வாரங்கள் போயிருக்கும். மூன்று மாத வரம்பைப் பற்றிச் சொன்னதுதான் அரைகுறை. அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி என்ற விலக்கு இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்று எழுதியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. அதே பிரிவின் அடுத்த வரிதான் உங்களுக்கு உதவும். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். மே மாதம் முடிந்தபோதே அந்தக் கெடு கடந்துவிட்டது. ஆகவே "கொடுக்க வேண்டுமா" என்பதில் தகராறே இல்லை, "எதைக் கழிக்கலாம்" என்பதில்தான் தகராறு. இப்படிப்பட்ட தகராறுதான் சமரச மேசைக்குப் பொருத்தமானது, ஏனெனில் ஐந்து பிடித்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அரை நாளில் பேசி முடிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆணைக்குழுவின் வழியாக ஏற்படும் உடன்பாட்டை மக்கள் நீதிமன்றத்தின் தீர்வாணையாக எழுதி வாங்கினால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடும் கிடையாது. அவர் பணம் தராவிட்டால் புதிதாக வழக்குப் போடத் தேவையில்லை, அதை அமல்படுத்தக் கோரி நேராக நிறைவேற்று மனு போடலாம். இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு வெளியே வந்தால் அது வெறும் ஒப்பந்தம்தான், அதை வைத்து மறுபடியும் வழக்குத்தான் போட வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரம்மா:
நான் வீடு வாடகைக்கு விடுபவள். இங்கே எல்லோரும் உரிமையாளரையே குற்றவாளியாக்கிப் பேசுகிறீர்கள். என் வீட்டில் ஒருவர் ஏழு மாதம் வாடகை தராமல் இருந்தார். வழக்குப் போடுவதற்குள் வயதாகிவிடும் என்று நானே சமரசத்துக்குப் போனேன். மூன்று தவணையில் பாக்கியைக் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் இறுதியில் காலி செய்வதாகச் சொன்னார். முதல் தவணையைக் கொடுத்தார், அதன்பிறகு தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. ஆகையால் சமரசம் என்பது ஏமாற்றுகிறவருக்கு இன்னும் நான்கு மாதம் அவகாசம் கொடுக்கும் ஏற்பாடுதான் என்பது என் அனுபவம்.

பழைய வழக்கறிஞர்:
அம்மா, உங்கள் தீர்வாணையில் என்ன எழுதியிருந்தது என்று எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். "தவணையில் செலுத்தவும் காலி செய்யவும் ஒப்புக்கொண்டார்" என்று மட்டும் இருந்தால் அதில்தான் குறை. எந்தத் தேதியில் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கது, இந்தத் தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும், தவறினால் நிறைவேற்று மனு மூலம் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்று தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். எழுதுபவர் அவசரமாக எழுதுவார், நாம்தான் நின்று வாசித்துக் கேட்டுத் திருத்த வேண்டும். நான் பார்த்த வரையில் சமரசம் முறிந்த இடங்களில் பாதிக்கு மேல் பேச்சு சரியாகத்தான் நடந்திருந்தது, எழுத்தில்தான் ஓட்டை.

வீட்டுக்காரம்மா:
தேதியும் தொகையும் இருந்தன, தவறினால் என்ன என்பது இல்லை. ஆனாலும் நிறைவேற்று மனுவும் மாதக்கணக்கில்தானே இழுக்கிறது? அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

பழைய வழக்கறிஞர்:
இழுக்கத்தான் செய்கிறது, அதை மறுக்க மாட்டேன். விசாரணை, சாட்சி, தீர்ப்பு என்ற முதல் கட்டத்தை மட்டும்தான் சமரசம் தவிர்க்கிறது.

தென்காசி வாசகர்:
பொதுப் பயன்பாட்டு வழக்குகளுக்கென நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறதே. சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும் என்று கேள்விப்பட்டேன். நண்பர் அங்கே போனால் என்ன?

பழைய வழக்கறிஞர்:
அது மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, அஞ்சல் போன்ற சேவைகளைப் பற்றிய தகராறுகளுக்கு. இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான வாடகைக் கணக்கை அங்கே கொண்டுபோக முடியாது. சாதாரண மக்கள் நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் சம்மதிக்காமல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லை என்று ஜலூர் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் "பாதிக்குப் பாதி என்று தள்ளிவிடுவார்கள்" என்ற பயம் வேண்டாம், நீங்கள் கையெழுத்திடாத எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட பின் பின்வாங்கவும் முடியாது என்பதால்தான் தயாரிப்பு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

மாடிவீடு, நீங்கள் மூன்று விஷயங்களைச் சொன்னால் கணக்குப் பார்க்கலாம். பெயிண்ட் பற்றி ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா? காலி செய்யப்போவதாக எப்போது, எப்படித் தெரிவித்தீர்கள்? சாவி கொடுத்த அன்று எடுத்த படங்கள் உண்டா?

மாடிவீடு:
ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது வண்ணம் பூச ஒரு மாத வாடகை பிடித்தம்" என்று இருக்கிறது. ஒரு மாத நோட்டீஸ் என்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். மின்மீட்டரைப் படம் எடுத்திருக்கிறேன், அறைகளையும் எடுத்திருக்கிறேன். ஆனால் சமையலறை அலமாரியை மட்டும் எடுக்கவில்லை. கீசர் இரண்டு ஆண்டுகளாகவே சரியாக வேலை செய்யவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன், அந்தச் செய்தியும் தொலைபேசியில் இருக்கிறது.

பழைய வழக்கறிஞர்:
அப்படியானால் இதுதான் உங்கள் கணக்கு. வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே 28,000 இல்லை, 16,000 மட்டும். இதற்கு மேல் கேட்டால் ஒப்பந்தத்தின் அந்த வரியைக் காட்டிவிட்டு அமைதியாக இருங்கள். நோட்டீஸில் 15 நாள் குறைகிறது, அதற்கு 8,000. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுவதால், அவர் காட்டும் பில்லில் நீங்கள் போன பிறகு ஓடிய யூனிட்டுகளும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. மீட்டர் படத்தையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை 3,200 முழுவதையும் ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். இந்த மூன்றும் சேர்ந்து 27,200 ரூபாய், உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது 72,800. பேச்சை இங்கே தொடங்குங்கள்.

மீதி இரண்டும்தான் உண்மையான தகராறு. கீசர் பழுது அட்டவணையில் குடியிருப்பவரின் பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மறைத்தால் உங்களுக்குத்தான் கேடு. அவர் வழக்கறிஞரோடு வந்தால் முதலில் அதைத்தான் எடுப்பார். அதைப் பழுது பார்த்தாரா, பழையதைத் தூக்கிவிட்டுப் புதியது வாங்கினாரா என்று பில்லைக் கேளுங்கள். பழைய பொருளுக்குப் பதிலாகப் புதிய பொருளின் விலையை முழுவதும் உங்கள் தலையில் கட்டுவது பழுது ஆகாது. அலமாரிக் கதவுக்கு உங்களிடம் படம் இல்லை, அவரிடமும் நீங்கள் குடிபுகுந்த நாளின் படம் இல்லாவிட்டால் இருவருக்கும் அங்கே காலூன்ற இடமில்லை. கீசரை விட்டுக்கொடுத்தால் 66,300, இரண்டையும் விட்டுக்கொடுத்தால் 58,300. அதற்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, அவர் பத்தாயிரம் ஏற்றிக் கொடுத்தாலே முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த வங்கிப் பதிவு, கடைசி ஓராண்டு வாடகைப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, மீட்டர் படம், மேலே சொன்ன கணக்கு ஒரே பக்கத்தில். எல்லாவற்றிலும் இரண்டு படி. மனுவை வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 15100 என்ற எண்ணில் கேட்டால் எந்த அலுவலகம் என்று சொல்வார்கள்.

நேர்வழி:
மூன்று மாத வரம்பைப் பற்றி நான் தவறாகச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லையே. பதிவில்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் சிக்கல் உண்டு அல்லவா?

பழைய வழக்கறிஞர்:
நல்ல கேள்வி, வழக்கு என்று போனால் முதல் நாளே அது எழும். அதனால்தான் சமரசம் இவருக்கு இன்னும் ஏற்றது என்கிறேன். சமரச மேசையில் அந்த ஒப்பந்தம் பதிவானதா என்பதைக் காரணமாக வைத்து யாரும் அதைத் தூக்கி வைத்துவிடுவதில்லை, இருவரும் ஒப்புக்கொண்ட தாள் என்று அதை வைத்துத்தான் பேசுவார்கள். பதிவாகவில்லை என்றால் உரிமையாளருக்கும் அதே சிக்கல்தான், 16,000 பெயிண்ட் பிடித்தத்துக்கு அவருக்கு இருக்கும் ஒரே ஆதாரமும் அந்தத் தாள்தானே.

வீட்டுக்காரம்மா:
கீசர் விஷயத்தில் நான் உடன்படவில்லை. பழுதாகிவிட்டது என்று செய்தி அனுப்பிவிட்டு, இரண்டு ஆண்டுகள் அதையே போட்டு எரித்திருந்தால் அது முழுவதும் கெட்டுப்போகத்தான் செய்யும். மெக்கானிக்கை ஏன் அவர் அழைக்கவில்லை என்று நானாக இருந்தால் கேட்பேன்.

மாடிவீடு:
அழைத்தேன் அம்மா, ஒரு முறை. அவருக்குக் கொடுத்த 700 ரூபாய் ஜிபே பதிவில் இருக்கிறதா என்று இப்போதுதான் தேடிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை மனு கொடுக்கப்போகிறேன். அதற்குமுன் ஐந்து பிடித்தங்களுக்கும் பில் அனுப்பும்படி இன்றே உரிமையாளருக்கு எழுத்தில் கேட்கிறேன்.

பழைய வழக்கறிஞர்:
கேளுங்கள். அவர் அனுப்பினால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அனுப்பாவிட்டால் கேட்டும் தரவில்லை என்ற அந்தச் செய்தியையும் அச்செடுத்து மனுவோடு இணையுங்கள். 38,300 ரூபாயை இடையில் கணக்கில் போட்டுவிட்டால் பதற்றப்பட வேண்டாம், "இது பகுதித் தொகையாக மட்டும் பெறப்பட்டது" என்று அன்றே பதில் அனுப்பிவிடுங்கள். அவர் கேட்கும் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.